பதினேழு வயதுக்காரன் எதிர்த்துப் பேச வேண்டும்

கேள்வி: குலசேகரம் பக்கம் எனக்கு ஊர். பதினேழு வயதில், அப்பா ரப்பர் ஷீட் விற்று வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினேன். அன்று ராத்திரியே திரும்பி வந்துவிட்டேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, கடைசிவரை கேட்கவே இல்லை. அந்தப் பையனிடம் ‘நீ’ என்று பேசுவதாக எழுதிப் பார்த்தேன், அறிவுரைக் கடிதம் மாதிரி ஆகிவிட்டது. உண்மையான இழுபறி எப்படி வரும்? இரண்டு பக்கம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

படித்தேன். ‘நீ’ என்று எழுதியதில் தவறில்லை. உங்கள் பக்கங்களில் ஒருவரிடம்தான் எல்லாம் இருக்கிறது, அதுதான் சிக்கல். பின்னால் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், எது சரி என்றும் தெரியும். பையனுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் சொல்கிறீர்கள், அவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். இப்படி இருந்தால் எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் அது அறிவுரைதான்.

இழுபறி வர வேண்டுமானால், உங்களுக்கு அவனிடமிருந்து ஏதாவது வேண்டும். அவனிடம் மட்டுமே இருக்கிற ஒன்று, அவன் லேசில் தராத ஒன்று. அப்படி ஒன்று உங்கள் இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருக்கிறது, நீங்களே அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டீர்கள். “களியக்காவிளையில் பஸ் நின்றபோது என்ன நினைத்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மொத்த கட்டுரைக்கும் வேர் அந்த வரிதான். பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும், அந்த நிமிடத்தில் மனசுக்குள் ஓடியது அவனுக்குத் தெரியும். உங்களிடம் இருப்பது அவனிடம் இல்லை, அவனிடம் இருப்பது உங்களிடம் இல்லை. இப்போது பேச்சுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நீங்கள் சொல்ல வரவில்லை, கேட்க வந்திருக்கிறீர்கள்.

இதை வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். “உன் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். வெட்டிய பாலைச் சிரட்டையில் பிடித்து, ஆசிட் சேர்த்து உறைய வைத்து, ஷீட் அடித்துப் புகை போடுவார்.” இது யாருக்குச் சொல்வது? அந்தப் பையன் தினமும் அந்த வீட்டில்தான் கண் விழிக்கிறான். பள்ளிக்கூடம் போகுமுன் சிரட்டையில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்திருப்பான், கை நாற்றம் வகுப்புவரைக்கும் வந்திருக்கும். அவனிடம் போய் அவன் அப்பா செய்கிற வேலையை விளக்குகிறீர்கள். ரப்பர் தோட்டத்தையே பார்த்திராத வாசகருக்குத்தான் அது தேவை. முகம் அவன் பக்கம் இருக்கிறது, பேச்சு வேறு பக்கம் போகிறது. வாசகருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் இது ஒட்டவில்லை என்று பட்டுவிடும். இளைய வயதுக்கு எழுதும் எழுத்துகளில் நான் அதிகம் பார்க்கிற நோய் இதுதான்.

மருந்து எளிது, ஆனால் ஒவ்வொரு வரிக்கும் போட வேண்டும். “இதை அவனிடம் சொல்ல வேண்டிய தேவை என்ன?” என்று கேளுங்கள். அவனுக்குத் தெரியாததைச் சொல்லலாம். தெரிந்தும் மறைப்பதைச் சொல்லலாம். தவறாகப் புரிந்துகொண்டதை மறுக்கலாம். நீங்கள் மறந்ததைக் கேட்கலாம். இந்த நான்கில் எதிலும் அடங்காத வரி வாசகருக்கான தகவல். அது வேண்டுமென்றால் ஒரு சண்டைக்குள் வைத்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

ரப்பர் வெட்டையே எடுத்துக்கொள்வோம். விடியும் முன்னே வெட்டுவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் வெட்டின கோட்டில் நிற்காமல் வழிந்து போகும், அன்றைக்கு வெட்டு கிடையாது. இதையெல்லாம் விளக்கமாக எழுதாதீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

“மழை என்பதால் அப்பா அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார் என்று எல்லாரிடமும் சொல்லிவந்தாய். மழை இல்லை. பட்டை காய்ந்துதான் இருந்தது. வெட்டுக்குப் போகாமல் அவர் ஏன் உட்கார்ந்திருந்தார் என்று உனக்குத் தெரியும்.”

மழைக்கும் வெட்டுக்கும் உள்ள தொடர்பு வாசகருக்குப் புரிந்துவிட்டது. நீங்களோ அதை விளக்கவில்லை, அவன் சொன்ன பொய் ஒன்றைப் பிடித்திருக்கிறீர்கள். (சம்பவம் நான் வைத்தது. உங்கள் வீட்டில் நடந்ததை அந்த இடத்தில் வையுங்கள்.)

அப்புறம் வினைமுற்று. இதில் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் வசதிகளை நாம் முழுசாகப் பயன்படுத்துவதில்லை. உங்கள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் ஓடுகிறது: எடுத்தாய், போனாய், ஏறினாய், வந்தாய். இறந்தகாலத்தில் ‘நீ’ வந்தால் ஓசை குற்றப்பத்திரிகை படிப்பது போலாகிவிடும். ஒரு பத்திக்கு நல்லது. இரண்டு பக்கத்துக்குத் தொடர்ந்தால் குற்றம் சாட்டுகிறவர் ஒருவரின் குரலைத் தவிர ஒன்றும் காதில் விழாது.

நிகழ்காலத்துக்கு மாற்றினால் நீங்களும் அந்த பஸ்ஸில் ஏறிவிடுவீர்கள். “ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாய்” என்றால் அவன் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை, வண்டியும் இன்னும் குழித்துறையைத் தாண்டவில்லை. எதிர்காலம் வேறு விதம். “இந்தக் காசைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்கமாட்டார்” என்று சொல்லும்போது அவனுக்குத் தெரியாத ஒன்றை அவன் தலைமேல் ஏற்றுகிறீர்கள். அது ஆறுதலா தண்டனையா என்று உடனே சொல்ல முடியாது, அதனால்தான் அதற்கு அவ்வளவு பலம். ஆனால் ஒரே ஒரு தடவை பயன்படுத்துங்கள். எதிர்காலம் அடிக்கடி வந்தால் ஜோசியம் சொல்வது போல ஆகிவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஏவல். “இறங்கு.” நடந்து முடிந்துவிட்ட ஒன்றில் போய் ஒருவன் இறங்கு என்று கட்டளை இடுகிறான். அவன் இறங்க முடியாது என்று சொல்கிறவனுக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். கேட்கப்படாது என்று தெரிந்தே சொல்லப்படும் கட்டளையில் இருக்கிற தவிப்பு, பத்து வரி வருத்தத்தில் இருக்காது. “நீ அன்று இறங்கியிருக்க வேண்டும்” என்று எழுதினால் அது தீர்ப்பு. “இறங்கு” என்றால் ஆசை.

இன்னொன்று, நீங்கள் அறியாமலே செய்திருக்கிறீர்கள். “அன்று ராத்திரி அழவில்லை” என்று ஒரு வரி இருக்கிறது. யார் அழவில்லை? ‘-வில்லை’ என்று முடிகிற எதிர்மறையில் நான், நீ, அவன் என்ற அடையாளமே கிடையாது. நான் அழவில்லை, நீ அழவில்லை, அப்பா அழவில்லை, எல்லாவற்றுக்கும் அதே வடிவம்தான். முன்னால் பெயரைப் போடாமல் விட்டால் மூன்று பேரும் அந்த ஒரு சொல்லுக்குள் நிற்கலாம். இதைத் திருத்தாதீர்கள். நண்பர் யாராவது ‘நீ’ சேர்க்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். மற்ற இடங்களில் ‘நீ’யைத் தாராளமாக வெட்டலாம். ‘எடுத்தாய்’ என்பதிலேயே அவன் இருக்கிறான், வரிக்கு வரி ‘நீ’ தேவையில்லை. ‘நீ’யை எழுத்தில் போடுகிற இடம் விரல் நீட்டுகிற இடமாக இருக்கட்டும்.

இனி முக்கியமானது. பையன் பதில் சொல்ல வேண்டும். நம்முடைய பழைய எழுத்தில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. திருக்குறளின் காமத்துப்பாலில் 125-ஆவது அதிகாரம் நெஞ்சொடு கிளத்தல், 130-ஆவது நெஞ்சொடு புலத்தல். தன் நெஞ்சையே எதிரில் நிறுத்தி ‘நீ’ என்று பேசுவது இரண்டிலும் உண்டு. அவருடைய நெஞ்சு அவருக்குத் துணையாக நிற்கிறதே, நீ மட்டும் ஏன் எனக்கு நிற்கவில்லை என்று பின்னதில் தலைவி தன் நெஞ்சிடமே சண்டை பிடிக்கிறாள். அந்த நெஞ்சு அவள் சொல்வதைக் கேட்பதில்லை, அதற்கு ஒரு சொந்தப் போக்கு இருக்கிறது. அதனால்தான் அவள் பேச்சு வெறும் புலம்பலாகப் போகவில்லை. உங்கள் பதினேழு வயதுக்காரனுக்கும் சொந்தப் போக்கு ஒன்று வேண்டும்.

அவன் உங்கள்மேல் சொல்லக்கூடிய குற்றம் என்ன? அதுவும் நீங்கள் அனுப்பியதில் இருக்கிறது, கடைசிப் பத்தியில், போகிற போக்கில் சொன்னது போல. அப்பாவுக்குப் பின் தோட்டத்து மரங்களை முறிக்கக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, முன்பணம் வாங்கிவிட்டு ஊரைவிட்டுப் போனீர்கள். பால் குறைந்த பழைய மரங்களை முறிப்பது ஊர் வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையனுக்கு அது தெரிந்தால் சும்மா இருப்பானா? அவன் எடுத்தது ஒருநாள் ஷீட் காசு. நீங்கள் எடுத்தது மரம். இந்தக் கேள்வியை அவன் கையில் கொடுங்கள். அப்போதுதான் நீங்கள் அவனைவிட மேலே நின்று பேச முடியாது.

கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. அவனை உங்களைப் போலப் பேச வைக்காதீர்கள். பதினேழு வயதில் யாரும் தன் மனசைப் பிரித்து விளக்குவதில்லை. அவன் குறுக்கே கேட்பான், பேச்சை மாற்றுவான், வாயே திறக்கமாட்டான். அவன் மறுப்பதும் மழுப்புவதும்கூடப் பதில்தான்.

இதையெல்லாம் சேர்த்து உங்கள் பஸ் காட்சியை நான் ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். காசை எண்ணாதது, கம்பியைப் பிடித்த கை, இரண்டும் நான் சேர்த்தவை. உங்கள் ஞாபகத்தில் வேறு ஏதாவது இருக்கும்.

“மேசைமேல் இருந்த காசை எண்ணாமல் எடுத்தாய். எண்ணினால் திருட்டு, எண்ணாவிட்டால் கைச்செலவு என்று நினைத்தாயோ? மார்த்தாண்டத்தில் வண்டி மாறியபோதும் எண்ணவில்லை. டிக்கெட்டுக்கு ஒரு நோட்டை மட்டும் பாக்கெட்டுக்குள்ளிருந்தே உருவிக் கொடுத்தாய்.

களியக்காவிளையில் பஸ் நிற்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். எதிர்ப்பக்கம் நாகர்கோவில் வண்டி நிற்கிறது, பார். இறங்கு.

இறங்கமாட்டாய், தெரியும். ஆனால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தாயே, அது எதற்கு? இறங்கத்தானே? அதை மட்டும் சொல்.

‘மரத்துக்கு முன்பணம் தந்தாங்களே, அத எண்ணினியா?’

அது வேறு.

‘எண்ணினியா?’

எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

டிரைவர் ஏறிவிட்டார்.”

இதில் எங்கெங்கே இழுக்கிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் பெரியவர் கை ஓங்கியிருக்கிறது, அவர் குற்றம் சாட்டுகிறார். “இறங்கு” என்ற இடத்தில் அவருடைய ஆசை வெளியே வந்துவிடுகிறது, அதோடு கை தாழ்கிறது. “அதை மட்டும் சொல்” என்பதில் கெஞ்சலுக்கே வந்துவிட்டார். அங்கேதான் பையன் வாயைத் திறக்கிறான், கேட்டதற்குப் பதிலும் சொல்லவில்லை. எண்ணுவது என்ற ஒரே செயல் இரண்டு பேர் கையிலும் இருக்கிறது. எண்ணாமல் எடுத்தவன் ஒருவன், இரண்டு தடவை எண்ணி வாங்கியவன் ஒருவன். யார் பெரிய குற்றவாளி என்று எங்கேயும் எழுதவில்லை, எழுதினால் கெட்டுப்போகும். கம்பியிலிருந்து கையை ஏன் எடுத்தான் என்பதற்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை. அது உண்மைக்கும் பொருந்துகிறது, உங்களுக்குத்தான் ஞாபகம் இல்லையே. பதிலை இட்டுக்கட்டாதீர்கள்.

பெரியவர் எழுத்துத் தமிழில் பேசுகிறார், பையன் வீட்டுப் பேச்சில் பேசுகிறான். அதனால் ‘என்றான்’, ‘கேட்டான்’ தேவைப்படவில்லை. இந்த வேறுபாட்டைக் கட்டுரை முழுக்கக் காப்பாற்றுங்கள். நம் ஊர் ‘லேய்’, பிள்ளையைக் கூப்பிடுகிற ‘மக்களே’ எல்லாம் வரலாம், ஆனால் யார் வாயில் என்பது முக்கியம். நீங்கள் முதல் பக்கத்தில் பெரியவர் வாயில் ஐந்தாறு இடத்தில் ‘மக்களே’ போட்டிருக்கிறீர்கள். எழுத்துக்கு ஊர் மணம் வரட்டும் என்று செய்திருப்பீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் அந்தச் சொல் அப்பாவுடையது. அன்று ராத்திரி நீங்கள் திரும்பி வந்தபோது அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, “சோறு மூடி வச்சிருக்கு, மக்களே” என்று, அதற்காக அந்தச் சொல்லை வைத்திருங்கள். அதுவரைக்கும் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. அவர் கேட்காமல் விட்டதெல்லாம் அந்த ஒரு விளியில் இருக்கிறது.

எவ்வளவு தூரம் இப்படி எழுதலாம்? என் அனுபவத்தில் நான்கைந்து பக்கத்துக்கு மேல் ‘நீ’ தாங்குவதில்லை. காது பழகிவிடும், பழகினபின் வாசகர் அதை ‘நான்’ என்றே படிக்கத் தொடங்கிவிடுவார். அது நடந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு பத்தியில் எல்லா ‘நீ’யையும் ‘நான்’ ஆக்கி, வினைமுற்றையும் மாற்றி வாய்விட்டுப் படியுங்கள். ஒன்றும் கெடவில்லை என்றால் அந்தப் பத்தியில் ‘நீ’ வேடம் மட்டும் போட்டிருக்கிறது, பேசாமல் ‘நான்’ என்றே எழுதிவிடலாம். மேலே உள்ள பஸ் காட்சியை அப்படி மாற்றவே முடியாது, “இறங்கு” உடனே உடைந்துபோகும். உங்கள் முதல் பக்கமோ முழுக்க மாறிவிடுகிறது. அதனால் முதல் பக்கத்தைத் தன்மையில் எழுதிவிட்டு, காசில் கை வைக்கிற இடத்தில் ‘நீ’க்கு வாருங்கள். அவன் செய்ததை உங்களுடையது என்று சொல்ல வாய் வராத அந்த இடத்தில் ‘நான்’ உடைந்து ‘நீ’ ஆவது இயல்பாக இருக்கும். வீட்டுக்குத் திரும்புகிற காட்சியில் ஒரு ‘நாம்’ வரலாம். “நாம் சோற்றை மூடியிருந்த தட்டை எடுத்தோம்” என்று. இரண்டு பேரும் ஒரே பசியோடு உட்காருகிற இடம் அது ஒன்றுதான். அதற்கு முன்னால் ‘நாம்’ வந்தால் சண்டை அவசரமாக முடிந்துவிடும்.

நீங்கள் கடைசியில் வாசகரைப் பார்த்தும் நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். “நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள்” என்று தொடங்குகிறது. இல்லை, பலர் ஏறியிருக்கமாட்டார்கள். வாசகர் செய்யாத ஒன்றைச் செய்தார் என்று சொன்னால் அவர் மனசுக்குள் மறுத்துவிட்டு வெளியே போய்விடுவார். வாசகரை விளிப்பதென்றால் அவர் இந்தப் பக்கத்தில் உண்மையிலேயே செய்துகொண்டிருப்பதைத்தான் சொல்ல வேண்டும். அவர் படிக்கிறார். ஒரு பக்கமாகத் தீர்ப்புக்கூடச் சொல்லியிருப்பார். “எண்ணினேன்” என்ற ஒப்புதலுக்குப் பிறகு, “இதுவரைக்கும் நீங்கள் அவன் பக்கமா என் பக்கமா?” என்று ஒரே வரி கேட்கலாம். அதை அவரால் மறுக்க முடியாது, ஏதாவது ஒரு பக்கம் நின்றுதான் இருப்பார். அந்த நான்கு வரியை எடுத்துவிட்டு இந்த ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் இடித்தால் அதையும் எடுத்துவிடுங்கள், பஸ் காட்சி அது இல்லாமலே நிற்கும்.

அடுத்த வரைவை எழுத உட்காரும்போது களியக்காவிளையிலிருந்து தொடங்குங்கள், முதல் பக்கத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். வீடும் தோட்டமும் அப்பாவும் சண்டையின் போக்கில் தேவைப்பட்டபோது தாமாக வருவார்கள். எழுதிவிட்டு அனுப்புங்கள், படிக்கிறேன்.